ஹெல்டர்பர்க் விமானத்தில் உண்மையில் எத்தனை அடுக்கு இருந்தது?

குவாத்ர் போர்ன் ஆசிரியை
24 நவம்பர் 2024, மாலை 6.10

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். விபத்துகளைப் பற்றிப் பேசும்போது சுவிஸ் பாலாடைக்கட்டிப் படத்தைப் பலகையில் வரைந்தேன். ஓட்டைகள் உள்ள துண்டுகள் வரிசையாக நிற்கும். எல்லா ஓட்டைகளும் ஒரே கோட்டில் வந்தால்தான் ஆபத்து கடந்து போகும். ஒவ்வொரு துண்டும் நூற்றில் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொண்டால், நான்கு துண்டுகளும் சேர்ந்து தவறுவது பத்துக் கோடியில் ஒருமுறை. விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம் என்று சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "அப்படியென்றால் நம் கடலில் விழுந்த ஹெல்டர்பர்க் பத்துக் கோடியில் ஒன்றா, டீச்சர்?" என்று கேட்டான். 1987இல் நம் மொரீஷியஸுக்கு அருகே கடலில் விழுந்த தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் விமானத்தைத்தான் சொல்கிறான். அவனுடைய தாத்தா மாஹேபூர்க்காரர், சொல்லிக் கேட்டிருக்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. என் கணக்கு சரிதானா?

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
24 நவம்பர் 2024, இரவு 9.32

கணக்கு சரி. துண்டுகள்தான் தவறு.

37 ஆண்டுகளுக்கு முன் அந்த விமானத்துக்காகப் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது 23 வயது, சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் இரண்டாவது ஆண்டு. தைப்பேயிலிருந்து வந்து, இங்கே இறங்கி, ஜோகானஸ்பர்க் போக வேண்டிய விமானம். விடிவதற்கு முன்பே வண்டிகளை வரிசையில் நிறுத்தியிருந்தோம். கிழக்கு வெளுத்தது. யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வண்டிகளைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னபோதுதான் புரிந்தது. விமானத்தில் இருந்த 159 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அது போயிங் 747 காம்பி வகை. முதன்மைத் தளத்தின் முன்பகுதியில் பயணிகள், அதே தளத்தின் பின்பகுதியில் சரக்கு, நடுவில் ஒரு தடுப்பும் கதவும். தீ அந்தச் சரக்கு அறையில், வலப்பக்கம் முன்னால் இருந்த, சரக்கு அடுக்கும் தட்டான பேலட்டில் பிடித்தது. அங்கே தடுப்பு அடுக்குகள் ஐந்து இருந்தன என்று அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது:

சரக்கை ஏற்கும்போது நடக்கும் சோதனை. புகை உணரி. தீயணைப்பானோடு உள்ளே போகும் ஊழியர். புகை பயணிகள் பக்கம் வராமல் தடுக்கும் காற்றோட்டம். கடைசியாக, விமானத்தை விரைவாகத் தாழ இறக்கித் தரையைத் தேடும் வழி.

ஐந்தும் தவறின. டீச்சரின் பெருக்கல்படி அது ஆயிரம் கோடியில் ஒருமுறை. நான் அதை நம்பவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்
24 நவம்பர் 2024, இரவு 10.15

டர்பனிலிருந்து எழுதுகிறேன். அதில் ராக்கெட் எரிபொருள் இருந்தது. ஆயுதத் தடை காலத்தில் தென்னாப்பிரிக்க அரசு ரகசியமாகக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதில் பாலாடைக்கட்டி எங்கே வந்தது? குற்றத்தைப் படம் போட்டு மறைக்க வேண்டாம்.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
25 நவம்பர் 2024, காலை 5.50

ஃபீனிக்ஸ் ஐயாவுக்கு. சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. நீதிபதி மார்கோ தலைமையில் நடந்த விசாரணை, தீ எந்தப் பேலட்டில் தொடங்கியது என்று சொன்னது; எது பற்றவைத்தது என்று அதனால் சொல்ல முடியவில்லை. 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மறுபடி கிளறியது. 2002இல் அரசு மீண்டும் விசாரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. உறவுகளை இழந்தவர்களுக்கு அது இன்னும் ஆறாத புண்; அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எது எரிந்திருந்தாலும் அறை அதே அறைதான். அந்த அறையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
25 நவம்பர் 2024, இரவு 8.40

நேற்று ஐந்து அடுக்கு என்று எழுதினேன். பகல் முழுவதும் யோசித்தேன். ஐந்து இல்லை.

புகை உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மணியடிக்கும். மணி தீயை அணைக்காது. அணைக்க ஓர் ஆள் போக வேண்டும். ஆளுக்கோ, மணி அடிக்காமல் தீ இருப்பதே தெரியாது. அப்படியானால் உணரி ஒரு துண்டு, ஆள் இன்னொரு துண்டு என்று எப்படி எண்ணுவது? பாலாடைக்கட்டிப் படத்தில் ஒரு துண்டு என்றால், மற்றவை எல்லாம் தவறினாலும் தனியாக நின்று ஆபத்தைத் தடுக்கக்கூடியது. உணரியும் ஆளும் சேர்ந்தால்தான் ஒரு துண்டு. அதுவும் இரண்டு இடத்தில் ஓட்டை விழக்கூடிய துண்டு.

டீச்சர், உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். உணரி நூற்றில் 99 முறை நேரத்துக்கு மணியடிக்கிறது. மணி அடித்த பிறகு ஆள் பத்தில் 9 முறை அணைத்துவிடுகிறார். இரண்டையும் தனித்தனித் துண்டாக எண்ணினால் ஆயிரத்தில் ஒருமுறைதான் தவறும் என்று வரும். உண்மையில் இரண்டுமே வெற்றி பெற்றால்தான் தீ அணையும். 0.99ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.89. அதாவது நூற்றில் சுமார் 11 முறை தவறும். ஆள் மட்டும் தவறுவதைவிட இது கொஞ்சம் அதிகம். இந்த எண்கள் நான் பாடத்துக்காக வைத்தவை. ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்று நினைத்தது நூற்றில் பதினொன்று ஆகிற அந்தச் சறுக்கல் காகிதத்தில் நடந்தது இல்லை, அந்த அறையில் நடந்தது.

சேன் தெனி பராமரிப்புப் பொறியாளர்
26 நவம்பர் 2024, காலை 7.05

ரியூனியனிலிருந்து. விமானப் பராமரிப்பில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். ஐயா சொல்வது சரியான இடத்தைத் தொடுகிறது. விதிப்புத்தகத்தின் மொழியில் அந்த அறை 'பி' வகுப்பு. பறக்கும்போது ஊழியர் உள்ளே போய்க் கையிலுள்ள தீயணைப்பானால் எந்தச் சரக்கையும் எட்ட முடியும் என்பதே அந்த வகுப்பின் அடிப்படை. 'சி' வகுப்பு அறையில் ஆள் நுழைய வேண்டியதில்லை. விமானி அறையில் பொத்தானை அழுத்தினால் ஹேலான் வாயு அறையை நிரப்பும்.

'பி' வகுப்பு சிறிய அறைக்காக யோசிக்கப்பட்டது. பைகள் வைக்கும் சிறு அறையில் அது நியாயமானது. காம்பியின் முதன்மைத் தளத்தில் ஆளுயரத்துக்குச் சரக்கு அடுக்கிய பேலட்டுகள், பாலித்தீன் உறை, மேலே இறுக்கிய வலை. தீ உள்ளே எங்கோ கனன்றுகொண்டிருந்தால், புகையில் முகமூடியோடு நிற்கிறவர் எதைத் தேடி எங்கே அடிப்பார்? விதி மாறவில்லை, அறை வளர்ந்துவிட்டது. இந்தப் பாலாடைக்கட்டிப் படத்தைத் தந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 'மறைந்திருக்கும் குறை' என்று சொன்னது இதைத்தான். அந்த இரவில் பணியில் இருந்த எவரும் செய்த தவறு இல்லை. வரைபட மேசையில் பல ஆண்டுகளுக்கு முன்பே விழுந்த ஓட்டை.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
26 நவம்பர் 2024, மதியம் 1.20

தம்பி சொன்ன பாலித்தீனும் வலையும் என் கைகளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் நாங்கள் இரண்டு சுற்று உறை போடுவோம். அவிழ்க்க நல்ல வெளிச்சத்தில், தரையில், இரண்டு பேருக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அந்தப் புகையில் ஒருவர் அதைச் செய்ய முயன்றிருக்கிறார். கடலடியிலிருந்து எடுத்த பொருள்களில் ஒரு தீயணைப்பான் இருந்தது, அதன்மேல் உருகிய உலோகம் படிந்திருந்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த ஊழியரை 'அடுக்கு எண் மூன்று' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

டர்பன் செவிலி
26 நவம்பர் 2024, இரவு 11.48

இரவுப் பணி முடித்து எழுதுகிறேன். விமானம் எனக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் முகக்கவசம், இடைவெளி, தடுப்பூசி என்று இதே படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். எது இல்லாவிட்டாலும் மற்றது காக்கும் என்று அதில் சொன்னார்கள். நீங்கள் அது தவறு என்கிறீர்களா?

எங்கள் வார்டில் ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு செவிலியர் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை குழந்தைக்கு அளவு பத்து மடங்காகிவிட்டது, தசமப் புள்ளி இடம் மாறியதால். இரண்டு கையெழுத்தும் இருந்தது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. முதல் சகோதரி போட்ட கணக்கைப் பார்த்தேன், சரியாகத் தெரிந்தது, கையெழுத்திட்டேன். குழந்தை பிழைத்தது. அதை நான் மறக்கவில்லை.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
27 நவம்பர் 2024, காலை 6.15

அம்மா, முகக்கவசமும் தடுப்பூசியும் ஒன்றை ஒன்று நம்பி நிற்பவை இல்லை. ஆகவே அந்தப் படம் அங்கே பெரும்பாலும் பொருந்தும். நீங்கள் எழுதிய இரண்டாவது பத்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எனக்கும் அதேபோல் ஒன்று நடந்தது.

1990களின் நடுவில் நான் சரக்கு ஏற்கும் மேசையில் இருந்தேன். ஒரு பெட்டி வந்தது. தாளில் 'இயந்திர உதிரிப்பாகம்' என்று இருந்தது. அனுப்புகிறவரின் முகவர் கையெழுத்து, கிடங்கில் ஏற்றுக்கொண்டவர் கையெழுத்து, மூன்றாவதாக என் கையெழுத்து. மூன்று துண்டுகள் என்று நினைத்தோம். ஏற்றும் நேரத்தில் ஒரு கூலியாள் பெட்டியைச் சாய்த்தபோது மூலையில் ஈரம் தெரிந்தது, அவருடைய விரல் எரிந்தது. உள்ளே அமிலம் நிறைந்த பழைய பேட்டரிகள். கிடங்குக்காரர் முகவரின் தாளைப் படித்தார். நான் கிடங்குக்காரரின் முத்திரையைப் பார்த்தேன். பெட்டியை யாரும் பார்க்கவில்லை. மூன்று கையெழுத்துக்கும் கண் ஒன்றுதான், அதுவும் பொய் சொன்ன கண்.

அந்தக் கூலியாளின் கைதான் அன்று ஒரே துண்டு. அது எந்த நடைமுறைப் பட்டியலிலும் இல்லை.

டர்பன் செவிலி
27 நவம்பர் 2024, மாலை 4.30

இப்போது எங்களிடம் முறை மாறிவிட்டது. இரண்டாவது செவிலி முதல் கணக்கைப் பார்க்கக் கூடாது. மருத்துவரின் குறிப்பையும் குழந்தையின் எடையையும் மட்டும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டுப் பிறகுதான் ஒப்பிட வேண்டும். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகிறது. ஆள் குறைவான இரவுகளில் அதைச் செய்கிறோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

குவாத்ர் போர்ன் ஆசிரியை
27 நவம்பர் 2024, இரவு 7.00

அப்படியானால் ஒன்றைச் சார்ந்து இன்னொன்று இல்லாத நிகழ்வுகளுக்குத்தான் பெருக்கல். இதை நானே வகுப்பில் சொல்கிறேன். படத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். தனித்தனித் துண்டாக வரைந்திருப்பதால் தனித்தனியாகத்தான் இருக்கும் என்று கண் நம்பிவிட்டது. ஹெல்டர்பர்க்கில் மீதி எத்தனை துண்டு, ஐயா?

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
28 நவம்பர் 2024, அதிகாலை 4.07

இந்த நேரத்தில்தான், 1987இல் இதே நாளில், அது கடலில் விழுந்தது. விளக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன்.

கடலுக்கடியில் சுமார் 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து 1989 ஜனவரியில் குரல்பதிவுப் பெட்டியை எடுத்தார்கள். அதில் தீ மணி கேட்கிறது. 14 விநாடியில் சர்க்யூட் பிரேக்கர்கள் ஒவ்வொன்றாக விழும் ஒலி தொடங்குகிறது. மணி அடித்து 81 விநாடியில் பதிவே நின்றுவிடுகிறது. கம்பியைத் தீ தின்றுவிட்டது.

14 விநாடி. இருக்கையிலிருந்து எழுந்து முகமூடி மாட்டக்கூட அது போதாது. மணி அடித்தபோதே தீ கூரையில் ஓடும் கம்பிகளை எட்டியிருந்தது. முதல் நாள் 'ஐந்தும் தவறின' என்று எழுதினேன். திருத்துகிறேன். உணரி மணியடித்தது. ஆனால் அது மணியடித்த நேரத்தில், கையில் பிடிக்கும் தீயணைப்பானால் அணைக்கக்கூடிய தீ அங்கே இல்லை. உணரி இவ்வளவு சிறிய தீயில் மணியடிக்கும் என்று நம்பி ஆளின் வேலையை வகுத்தார்கள். ஆள் எந்தத் தீயையும் எட்டுவார் என்று நம்பி உணரி போதும் என்றார்கள். ஒவ்வொன்றும் மற்றதன் நம்பிக்கையில் நின்றது.

அடுத்து காற்றோட்டம். பயணிகள் பகுதியிலிருந்து சரக்கு அறை நோக்கிக் காற்று மெல்ல ஓடும், அதனால் புகை முன்னால் வராது என்பது திட்டம். சிறு புகைக்கு அது உண்மை. பெரிய தீ தன் வெப்பத்தால் காற்றை விரியவைத்து எதிர்த்துத் தள்ளும். இதோடு, தீயை அணைக்க ஆள் உள்ளே போக வேண்டும் என்றால் கதவைத் திறந்தாக வேண்டும். இரண்டாவது துண்டு வேலை செய்யத் தொடங்கினாலே மூன்றாவது துண்டில் ஆளுயர ஓட்டை விழுகிறது! வெறும் சரக்கு விமானத்திலாவது காற்றழுத்தத்தைக் குறைத்துத் தீயின் மூச்சை அடக்கலாம். இங்கே தீ சுவாசிக்கும் காற்றும் 140 பயணிகள் சுவாசிக்கும் காற்றும் ஒன்றே.

ஆகவே என் எண்ணிக்கை இரண்டு. தாளை நம்பிய சரக்குச் சோதனை ஒன்று. உணரி, ஆள், கதவு, காற்றோட்டம் எல்லாம் சேர்ந்து ஒன்று. தாழ இறங்குவது தீயை அணைக்காது, நேரம் தரும். 14,000 அடிக்கு இறங்க அனுமதி கேட்டார்கள், நிலமோ இன்னும் வெகுதூரத்தில். ஆயிரம் கோடியில் ஒன்று இல்லை, டீச்சர். அந்தப் பையனிடம் சொல்லுங்கள்.

சேன் தெனி பராமரிப்புப் பொறியாளர்
28 நவம்பர் 2024, மாலை 6.45

ஐயாவின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறேன். ஒரு வாக்கியத்தோடு மட்டும் இல்லை. "எது எரிந்திருந்தாலும் அறை அதே அறைதான்" என்று 25ஆம் தேதி எழுதினீர்கள். அது சரியில்லை.

ஃபீனிக்ஸ் ஐயா சொல்வது ராக்கெட் எரிபொருளில் சேரும் அமோனியம் பெர்குளோரேட். அது ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள். அப்படி ஒன்று இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் இருந்திருந்தால், ஹேலான் நிரப்பிய 'சி' வகுப்பு அறையும் அதைத் தடுத்திருக்காது. அப்போது பாடம் வேறு. அறையைத் திருத்துவது போதாது, முதல் துண்டான சரக்குச் சோதனையைத்தான் இரும்பாக்க வேண்டும். சாதாரணப் பொதிப் பொருள் எரிந்திருந்தால், அறையைத் திருத்தியது சரியான மருந்து. காரணம் தெரியாதவரை எந்தத் துண்டைத் தடிமனாக்குவது என்பதும் பாதிதான் தெரியும்.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
28 நவம்பர் 2024, இரவு 9.10

ஏற்றுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை எழுதியபோது ஃபீனிக்ஸ் ஐயாவின் கேள்வியை ஒதுக்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது.

ஃபீனிக்ஸ் வாசகர்
29 நவம்பர் 2024, காலை 8.20

நன்றி, பொறியாளர் தம்பி. இந்தப் படத்தின்மேல் எனக்கு இன்னும் ஒரு மனக்குறை. எல்லாம் ஓட்டை, எல்லாம் அமைப்பு என்று போனால் யார் பொறுப்பு? எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 37 ஆண்டுகளாக ஒரு பெயரைக் கேட்டு நிற்கிறது. அவர்களிடம் துண்டுக் கணக்கையா கொடுப்பது?

சேன் தெனி பராமரிப்புப் பொறியாளர்
29 நவம்பர் 2024, மதியம் 12.40

ரீசன் இதை ஓரளவு பார்த்திருக்கிறார். 1990இல் முதலில் எழுதியபோது பாலாடைக்கட்டி என்ற பேச்சு இல்லை. 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவமனைகள்வரை படம் பரவியது. அதில் அவரே, உண்மையான ஓட்டைகள் பாலாடைக்கட்டியில் இருப்பதுபோல் நிலையாக இருக்காது, திறக்கும், மூடும், இடம் மாறும் என்று சொல்லியிருக்கிறார். படத்தை நகலெடுத்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். ஊழியரைத் தண்டித்துவிட்டு அதோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் அவர் எதிர்த்தது. வரைபட மேசையில் இருந்தவருக்கும், விதியை அப்படியே விட்டவருக்கும் பொறுப்பு இல்லை என்று அவர் சொன்னதாக நான் படிக்கவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு இது பதில் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

குவாத்ர் போர்ன் ஆசிரியை
1 டிசம்பர் 2024, காலை 10.00

துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு மாணவி, "அப்படியானால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துத் துண்டுகளை வைக்கலாமே" என்கிறாள்.

சேன் தெனி பராமரிப்புப் பொறியாளர்
1 டிசம்பர் 2024, மாலை 5.25

சம்பந்தமில்லாத இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் பேசினாலும் சிக்கல்தான். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறு என்றது. விமானிகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. கட்டுப்பாட்டாளர் ஒரு துண்டு, கருவி ஒரு துண்டு, இரண்டும் தனித்தனி. இரண்டும் முரண்பட்டால் எது பெரியது என்ற விதி தெளிவாக இல்லை. கருவியின் கட்டளைதான் பெரியது என்று அதற்குப் பிறகுதான் ஐயமின்றி எழுதினார்கள்.

பத்துத் துண்டு வைக்கலாம். பத்தும் என்ன பேசும், யார் பேச்சு கடைசி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

போர்ட் லூயி சரக்கு முகவர்
4 டிசம்பர் 2024, மதியம் 2.15

பேட்டரி பற்றித் தேடியபோது இந்தப் பக்கம் கிடைத்தது. மின்சார சைக்கிள் பேட்டரிகள் 20 அனுப்ப வேண்டும். ஹேலான் உள்ள அறையில் வைத்தால் பயணிகள் விமானத்தில் போகலாம்தானே? நீங்களே 'சி' வகுப்பு பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
4 டிசம்பர் 2024, மாலை 3.02

போக முடியாது. தயவுசெய்து முயலவும் வேண்டாம்.

ஹெல்டர்பர்க்குக்குப் பிறகு அமெரிக்க விமான ஆணையம், காம்பியின் முதன்மைத் தளத்தில் ஆள் கையால் அணைப்பது முதன்மைத் தடுப்பாக இருக்கக் கூடாது என்று விதியை மாற்றியது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் காம்பிகளையே கைவிட்டது. ஹேலான் அப்போது நல்ல பதிலாக இருந்தது. லித்தியம் பேட்டரிக்கு அது பாதிப் பதில்தான். சுவாலையை அது அடக்கும். ஆனால் ஒரு செல் தன்னுள்ளேயே சூடேறி, பக்கத்துச் செல்லைச் சூடேற்றி, அது அடுத்ததைச் சூடேற்றும் சங்கிலியை வாயுவால் குளிரவைக்க முடியாது. 2010 செப்டம்பரில் துபாயில் லித்தியம் பேட்டரிகளும் ஏற்றிச் சென்ற ஒரு 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அதிலும் தீ கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தின்றது, புகை விமானி அறையை நிறைத்தது.

2016 ஏப்ரல் 1 முதல் தனியாகப் பொதிந்த லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 30 சதவீதம் எனக்குப் பிடித்த விதி. அது தாளையோ, மணியையோ, ஆளையோ நம்பவில்லை. பேட்டரிக்குள்ளேயே எரிவதற்கான சக்தியைக் குறைக்கிறது. மற்ற எல்லாம் தவறினாலும் அது தன் வேலையைச் செய்யும்.

ஆனால் 30 சதவீதம் என்பதைத் தாளில் எழுதுவது நீங்கள்தான், முகவர் ஐயா. மேசையில் இருக்கும் பையன் உங்கள் தாளைப் படிப்பான்.

போர்ட் லூயி சரக்கு முகவர்
4 டிசம்பர் 2024, மாலை 5.40

புரிந்தது. கப்பலில் அனுப்புவதைப் பற்றி விசாரிக்கிறேன். மின்னேற்றத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. தொழிற்சாலையின் சொல்லைத்தான் இதுவரை எழுதி வந்திருக்கிறோம்.

குவாத்ர் போர்ன் ஆசிரியை
9 டிசம்பர் 2024, இரவு 8.15

பள்ளி மூடுவதற்கு முன் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் ஐந்து துண்டு வரைந்து, இரண்டாகும்வரை ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்த்தோம். அந்தப் பையன் கடைசியில் இன்னொன்று கேட்டான். அவனுடைய தாத்தா சொன்னாராம், தேடப் போன படகுகள் தவறான இடத்தில் தேடின என்று. அது எந்தத் துண்டு?

பிளேசான்ஸ் பழைய சரக்குக்காரர்
9 டிசம்பர் 2024, இரவு 10.50

தாத்தா சொன்னது உண்மை. விமானத்திடம் இருப்பிடம் கேட்டபோது 65 கடல் மைல் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது பாதையில் அடுத்து வரும் குறியீட்டுப் புள்ளிக்கு உள்ள தூரம். இங்கே அது பிளேசான்ஸிலிருந்து உள்ள தூரமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. விமானம் விழுந்த இடம் தீவிலிருந்து சுமார் 134 கடல் மைல். மிதந்த முதல் பொருளைக் காணவே சுமார் 12 மணி நேரம் ஆயிற்று.

அன்று யாரும் உயிரோடு நீரில் இல்லை என்பதால் அந்த ஓட்டை எந்த உயிரையும் எடுக்கவில்லை. அதனால் அறிக்கையைப் படிப்பவர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் விமானம் நீரில் முழுசாக இறங்கி, 30 பேர் மிதவையில் இருந்திருந்தால்? அதே 65 மைல்தான் அவர்களைக் கொன்றிருக்கும். விபத்தில் திறக்காத ஓட்டையை எப்படி எண்ணுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பொறியாளர் தம்பி எழுதட்டும்.

சேன் தெனி பராமரிப்புப் பொறியாளர்
12 டிசம்பர் 2024, காலை 6.30

எங்கள் கொட்டகையில் அப்படிப்பட்டதை எண்ணுகிறோம். யாருக்கும் அடிபடாத, எதுவும் கெடாத தவறுகளை ஊழியர்கள் தாங்களே எழுதிப் போடும் பெட்டி ஒன்று உண்டு. போன மாதம் வந்த தாள்கள் நான்கு. அதற்கு முந்தைய மாதம் பதினேழு. தவறு குறைந்ததா, எழுதுவது குறைந்ததா என்று தெரியாமல், இன்று காலை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன். இரண்டு மாதத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மாற்றம்தான் நடந்தது: பெட்டியை மேலாளர் அறை வாசலுக்கு மாற்றினார்கள்.